புல் நறுக்கும் மெசினுக்காக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். இரண்டு கறவை மாடு. ஒரு நாளைக்கு 100 கிலோ கோ-3 புல் போடுகிறேன், அதில் 40 கிலோவைக் கிலோ பத்து ரூபாய்ப்படி வாங்குகிறேன். காலையில் பார்த்தால் தொட்டியில் தண்டுதான் கிடக்கிறது. மோட்டார் மெசின் 95,000 ரூபாய், கையால் சுற்றுவது 38,000 ரூபாய் என்கிறார்கள். மாதம் ஒன்றரை வீத வட்டிக்கு நகையை வைத்து மோட்டார் மெசினை வாங்கலாமா?

பதில்: சகோதரி, நகை இன்னும் இரண்டு வாரம் பெட்டியிலேயே இருக்கட்டும். முதலில் தராசை எடுங்கள்.

முழுப் புல்லைப் போட்டால் மாடு இலையை உருவித் தின்றுவிட்டுத் தண்டை ஒதுக்கும். கொஞ்சத்தை இழுத்துக் காலடியில் போட்டு மிதிக்கும், சாணி பட்டதை அப்புறம் முகர்ந்தும் பார்க்காது. ஒரு அங்குலத்துக்கு நறுக்கிப் போட்டால் இலையும் தண்டும் கலந்துவிடுவதால் அதற்குப் பொறுக்கித் தின்ன முடியாது. மெசின் செய்வது இவ்வளவுதான். தண்டின் சத்தை அது கூட்டாது.

ஒரு வாரம் இப்போது போடுகிறபடியே போட்டு, தினமும் காலையில் மிஞ்சியதை நிறுத்து எழுதுங்கள். அடுத்த வாரம் அதே புல்லை மரக்கட்டையில் வைத்துக் கத்தியால் ஒரு அங்குலத்துக்கு நறுக்கிப் போட்டு, மிஞ்சியதை நிறுங்கள். கை வலிக்கும், ஆனால் வட்டி கிடையாது.

முதல் வாரம் நாளைக்கு 25 கிலோவும் இரண்டாம் வாரம் 10 கிலோவும் மிஞ்சியது என்று வைத்துக்கொள்வோம். மிச்சமாவது 15 கிலோ. அவ்வளவு புல்லைக் குறைத்து வாங்கினால் நாளைக்கு 150 ரூபாய், மாதம் 4,500. மின்சாரம், கத்தி தீட்டுவது, பழுது என்று ஆயிரத்தைக் கழித்தால் கையில் 3,500. அதை அப்படியே அடகுக்குக் கட்டினாலும் வட்டியோடு 95,000 ரூபாய்க் கடன் அடைய ஏறக்குறைய மூன்று வருடம் ஆகும். இரண்டு மாட்டுக்கு இது அதிகம். பாவனை கூடக் கூட மின்கட்டண வீதமும் படி படியாக ஏறுவதால், மோட்டார் உங்கள் பாவனையை அடுத்த படிக்குத் தள்ளினால் செலவு இன்னும் கூடும்.

கை மெசினுக்கு மின்சாரம் வேண்டாம். மாதம் 4,100 வரை நிற்கும், பத்து மாதத்தில் கடன் தீரும். ஆனால் ஒருவர் சக்கரத்தைச் சுற்ற, ஒருவர் புல்லைத் தள்ள வேண்டும். லயத்தில் மாடு வைத்திருக்கும் மூன்று வீடு சேர்ந்து மோட்டார் மெசின் வாங்கினால், தலைக்கு 32,000 ரூபாய் அளவில் அதுவும் பத்து மாதக் கணக்குத்தான். அப்படிச் சேர்ந்தால் மெசின் யார் மீட்டரில் ஓடுகிறது என்பதை முதல் நாளே எழுதி வையுங்கள். சண்டை வருவது அங்கேதான்.

பால் கூடாதா என்று கேட்பீர்கள். நறுக்கிப் போட்ட பிறகு தொட்டி இரவே காலியாகி மாடு பசியோடு நிற்கிறது என்றால், மிச்சமாகும் 15 கிலோவை அதற்கே கொடுங்கள், கொஞ்சம் கூடலாம். அப்போது புல் வாங்கும் செலவு குறையாது. ஒரே புல்லைப் பாலிலும் மிச்சத்திலும் இரண்டு தரம் எழுதுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை.

இன்னொன்று. மெசின் வந்ததும் எல்லோருக்கும் பொடிப்பொடியாக நறுக்க ஆசை வரும். என் உறவினர் ஒருவர் அரை அங்குலத்துக்கும் குறைவாக வைத்தார். தொட்டி பளிச்சென்று காலியானது, அவருக்கு ஒரே சந்தோஷம். சில நாளில் சாணி இளகியது, மாடு படுத்திருந்தும் அசை போடுவது குறைந்தது, பால் துண்டில் கொழுப்பு இறங்கியது. கொழுப்புக்குத்தானே காசு! நார் குட்டையாகிவிட்டால் மாடு மெல்வது குறையும், எச்சில் குறையும், வயிற்றில் புளிப்பு ஏறும். அவர் நீளத்தைக் கூட்டிய பிறகுதான் சரியானது. பெருவிரலின் மேல்கணு அளவு போதும்.

வெட்டுவாயில் புல் அறுபடாமல் நாராகத் தொங்கினால் கத்தி மழுங்கிவிட்டது, அல்லது கத்திக்கும் தகட்டுக்கும் இடைவெளி கூடிவிட்டது. நறுக்கிய ஈரப்புல்லைக் குவித்து வைக்காதீர்கள். மாலைக்குள் குவியலுக்குள் கையை விட்டால் சுடும், அதை மாடு ஒதுக்கும். அந்தந்த வேளைக்கு மட்டும் வெட்டுங்கள். பிள்ளைகளை மெசின் பக்கமே விடாதீர்கள், விரல் போனால் எந்தக் கணக்கும் ஈடாகாது.

நறுக்கிப் போட்ட வாரத்திலும் தொட்டியில் மிஞ்சுவது அவ்வளவாகக் குறையவில்லை என்றால் குற்றம் புல்லில். தண்டில் நகம் இறங்குகிறதா பாருங்கள். இறங்காவிட்டால் அது முற்றிய புல். விற்பவரிடம் இளசாக வெட்டித் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஆளை மாற்றுங்கள். அதற்கு அடகுக்கடைப் பக்கம் போகவே தேவையில்லை.