மேடையில் மன்னிப்புக் கேட்பதற்குப் பதில் முன்னாலேயே கேளுங்க

கேள்வி: திருப்பூரில் சாயப்பட்டறைக்காரர்களுக்காக ஒரு கருத்தரங்கம் நடத்துகிறோம். பேச போலந்திலிருந்து ஒரு அம்மா வருகிறார். அவரை அறிமுகம் செய்ய வேண்டியது நான். முதல் பெயர் Małgorzata. குடும்பப் பெயர் அதைவிட நீளம். தெரிந்த மட்டும் ஆங்கிலத்தில் படித்துவிட்டு, தப்பானால் "மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டால் போதாதா?
– ஒரு வாசகர், அவிநாசி

பதில்: போதாதுங்க. நீங்கள் மேடையில் மன்னிப்புக் கேட்டால் அந்த அம்மா "பரவாயில்லை" என்று சிரித்தாக வேண்டும், அப்புறம் தன் பெயரைத் தானே சபைக்குச் சொல்லித் திருத்த வேண்டும், அதற்குப் பிறகுதான் தன் பேச்சையே தொடங்க முடியும். இதை நான் ஒருமுறை செய்திருக்கிறேன். ஈரோட்டில் ஒரு கல்லூரி விழா, வடக்கிலிருந்து வந்த பேராசிரியை, அழைப்பிதழில் Sumita என்று இருந்தது, நான் தயங்காமல் "சுமிட்டா" என்று அழைத்தேன். அவர் பெயர் சுமிதா. நாம் த-வுக்கு டி, எச் இரண்டையும் போட்டு எழுதிப் பழகியதால் டி மட்டும் இருந்தால் ட என்று எடுத்துக்கொள்கிறோம், வடக்கே அதே டி த-வுக்கும் வரும். அவர் முதல் வாக்கியத்திலேயே மெதுவாகத் திருத்தினார், பின்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள், அவர் மறுபடி பேச்சைப் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஒரு நாள் முன்னால் போன் பண்ணிக் கேட்டிருந்தால் அது நடந்திருக்காது.

அதனால் முதல் வேலை, கேட்பது. அதற்குத் தனியாக ஒரு சந்தர்ப்பம் தேட வேண்டாம். ஃப்ளெக்ஸுக்குப் போட்டோவும் தன்விவரமும் கேட்டு எப்படியும் மெயில் போடப் போகிறீர்கள் இல்லையா, அதிலேயே இதையும் சேர்த்துவிடுங்க: உங்கள் பெயரை வழக்கமாக நீங்கள் சொல்கிற வேகத்தில் ஒரு தடவையும், மெதுவாக ஒரு தடவையும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்ப முடியுமா, மேடையில் முழுப் பெயரும் சொல்லவா முதல் பெயர் போதுமா, முன்னால் டாக்டர் போடணுமா. அவ்வளவுதான். இதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை, வெளியூர் போய்ப் பேசுகிறவர்கள் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் சந்தோஷமாகவே பதில் அனுப்புவார்கள்.

அவரை அழைத்துவருகிற ஏஜென்ட்டிடம் கேட்டுக்கொள்ளலாம், இணையத்தில் யாரோ பதிவு செய்த ஒலியைப் போட்டுக் கேட்கலாம் என்று தோன்றும். ஏஜென்ட் தப்பாகச் சொல்லியே பழகியிருக்கலாம். இணைய ஒலி வேறு நாட்டுக்காரர் சொன்னதாக இருக்கலாம். Jan என்று நாலு பேருக்கு எழுதியிருந்தால் போலந்துக்காரர் யான், இங்கிலாந்துப் பெண் ஜான். எழுத்து ஒன்றுதான், யாருடைய பெயர் எப்படி என்று அவரவர்க்கு மட்டுமே தெரியும்.

குரல் வந்ததும் ஸ்கிரிப்டில் எழுத வேண்டும், அதைத் தமிழில் எழுதுங்க. ஆங்கில எழுத்தைப் பார்த்தால் நம் வாய் "மல்கோர்சாட்டா" என்றுதான் போகும். அந்தப் பெயரில் வருகிற குறுக்குக் கோடு போட்ட ł லகரமாக ஒலிக்காது, வ் மாதிரி ஒலிக்கும். rz இரண்டும் சேர்ந்து ஒரே ஒலி, ஜ-வுக்கும் ஷ-வுக்கும் நடுவில், ஜ பக்கமாக. கடைசி டா நம் ஆத்தாவில் வருகிற த்தா. ஆக, ஏறக்குறைய "மவ்கோஜாத்தா". போலிஷில் பொதுவாகக் கடைசிக்கு முந்தின அசையில்தான் அழுத்தம் விழும், இங்கே அது ஜா. அதன் அடியில் ஒரு கோடு இழுத்துவிடுங்க.

இன்னொரு சிக்கல் நம் எழுத்திலேயே இருக்கிறது. நம் க, ச, த, ப எல்லாம் நிற்கிற இடத்தைப் பொறுத்து ஒலி மாறுகிறவை. இந்தப் பெயரில் வருகிற கோ, "கோபி"யில் வருகிற கோ மாதிரி இல்லை, "கங்கா"வில் வருகிற இரண்டாவது க மாதிரி. வெறும் "மவ்கோ" என்று எழுதி வைத்தால் மேடையில் வாய் தானாக வல்லொலிக்குப் போய்விடும். இதற்கு நம் ஊர் சுலோகப் புத்தகங்களில் பழைய வழி இருக்கிறது. வடமொழி ஒலியைக் காட்ட எழுத்தின் மேல் சின்ன எண் போடுவார்கள், 3 போட்டால் மெலிந்த ஒலி. அதே மாதிரி "மவ்கோ³ஜாத்தா" என்று எழுதினால் கண் அந்த 3-ஐப் பார்த்ததும் நாக்கு தயாராகிவிடும். இதையே ஆங்கிலப் பாணியில் அசைக்கு அசை கோடு போட்டுப் பிரிக்காதீங்க. அங்கே Wojciech என்று ஆண்களுக்கு ஒரு பெயர் உண்டு, "வோய்ச்செஹ்" என்று சேர்த்து எழுதினால் ச்ச சரியாக வரும், "வோய்-செஹ்" என்று பிரித்தால் செ மாறி "செய்தி"யில் வருகிற ஒலிக்குப் போய்விடும்.

இப்படி எழுதியதை ஓரத்தில் குறிப்பாக வைக்க வேண்டாம். ஸ்கிரிப்டில் பெயர் வருகிற ஒவ்வொரு இடத்திலும் இதுவே இருக்கட்டும், பெரிய எழுத்தில், வரி முடிவில் உடையாமல். ஆங்கில எழுத்துப் பெயரைப் பக்கத்தில் வைத்தால் பதற்றத்தில் கண் அதைத்தான் பிடிக்கும், அதைத் தாளின் உச்சியில் ஒரு தடவை போட்டால் போதும். "மவ்கோ³ஜாத்தாவை அழைக்கிறேன்" என்று உருபைப் பெயரோடு ஒட்டவும் வேண்டாம். பழக்கமில்லாத பெயரில் கடைசியில் ஒரு வால் சேர்ந்தால் அழுத்தம் நகர்ந்துவிடுகிறது. "அவர்களை" என்பது அந்தச் சுமையைத் தூக்கட்டும், பெயர் தனியாக நிற்கட்டும்.

பழகும்போதும் பெயரை மட்டும் இருபது தடவை சொல்வதால் பயன் குறைவு. நாக்கு தடுக்குவது முந்தைய சொல்லிலிருந்து பெயருக்குத் தாவுகிற இடத்தில். "நம்மிடையே பேச வந்திருக்கும்" என்பதிலிருந்து தொடங்கி "அவர்களை" வரை முழுதாகச் சொல்லிப் பாருங்க. அப்புறம் நீங்கள் சொல்வதைப் பதிவு செய்து அவருக்கே திருப்பி அனுப்புங்க. "சரியா?" என்று கேட்டால் மரியாதைக்குச் சரி என்றுதான் சொல்வார், "எந்த இடம் இன்னும் சரியாக வரவில்லை?" என்று கேளுங்க. அந்த rz ஒலி நமக்கு முழுசாக வராமல் போகலாம், பாதகமில்லை. வ்-வும், அழுத்தமும், த்தா-வும் சரியாக இருந்தால் அவர் காதில் அது தன் பெயராகவே விழும். நிகழ்ச்சிக்குப் பத்து நிமிஷம் முன்னால் நேரில் ஒரு தடவை சொல்லிக் காட்டிவிடுங்க.

அந்தப் பெயருக்கு அங்கே Gosia என்று ஒரு செல்லப் பெயர் உண்டு. அது சுலபமாக இருக்கிறதே என்று, அவர் சொல்லாமல் மேடையில் எடுக்காதீங்க. "வாயில் நுழையாத பெயர்" என்று சிரிக்க வைக்கவும் வேண்டாம், அவர் விருந்தாளி. இவ்வளவுக்கும் பிறகு தடுக்கினால் நிறுத்தி, ஒரு தடவை சரியாகச் சொல்லி, மேலே போங்க.

நம் விழாக்களில் பெயரைச் சொல்கிறவர் நீங்கள் ஒருவர் மட்டுமல்ல. தலைமை தாங்குகிறவர், பொன்னாடை போர்த்த அழைக்கிறவர், நன்றியுரை சொல்கிறவர் எல்லாரும் சொல்வார்கள். நீங்கள் அழகாகச் சொல்லி, நன்றியுரைக்காரர் மல்கோர்சாட்டா என்று முடித்தால் அந்த அம்மாவுக்குக் கடைசியாகக் காதில் விழுவது அதுதான். அவர் அனுப்பிய குரலையும் நீங்கள் எழுதிய வரியையும் அந்த மூன்று பேருக்கும் முந்தின நாள் ராத்திரியே அனுப்பிவிடுங்க.