ஒட்டினால் வரும் அறிவிப்பு, ஒட்டாமலே வந்தால்?

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த வங்கிக் கணக்கு எண்ணை காப்பி செய்து வங்கி ஆப்பில் பேஸ்ட் செய்தேன். உடனே திரையின் அடியில் "pasted from your clipboard" என்று வந்து மறைந்தது. இன்று வேறொரு ஷாப்பிங் ஆப்பைத் திறந்ததுமே அதே வரி வந்தது, நான் எதையும் ஒட்டவில்லை. என் போனை யாராவது உளவு பார்க்கிறார்களா?

பதில்: முதலில் வந்தது வழக்கமானதுதான். இரண்டாவதாக வந்ததைக் கவனிக்க வேண்டும். ஆனால் அது ஹேக்கிங் என்று பயப்படத் தேவையில்லை.

நீங்கள் காப்பி செய்யும் எழுத்து கிளிப்போர்டு என்ற தற்காலிக இடத்துக்குப் போகிறது. திரையில் திறந்திருக்கும் எந்த ஆப்பும் அதைப் படிக்கலாம், தனி அனுமதி எதுவும் தேவையில்லை. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், பின்னணியில் கிடக்கும் ஆப்களுக்கு அந்த வசதி இல்லை. 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12, ஒரு ஆப் வேறொரு ஆப்பிலிருந்து வந்த எழுத்தைப் படித்தால் உங்களிடம் சொல்லிவிடுகிறது. நீங்கள் பார்த்த வரி அதுதான். அதில் "pasted" என்று இருந்தாலும் "படித்தது" என்றே பொருள் கொள்ளுங்கள். ஒட்டியது நீங்களா, ஆப் தானாகவே எடுத்துப் பார்த்ததா என்று அந்த வரி பிரித்துச் சொல்லாது.

ஷாப்பிங் ஆப்கள் திறந்ததும் கிளிப்போர்டைப் பார்ப்பதற்குப் பெரும்பாலும் சாதாரணக் காரணம் இருக்கும். நண்பர் அனுப்பிய பொருளின் லிங்க்கையோ கூப்பன் எண்ணையோ நீங்கள் காப்பி செய்து வந்திருக்கிறீர்களா என்று பார்க்கும். ஆனால் லிங்க்கைத் தேடிப் போகும் ஆப்புக்கு, அங்கே கணக்கு எண் இருந்தால் அதுவும் கிடைத்துவிடும்.

எந்த ஆப் இப்படிச் செய்கிறது என்று நீங்களே சோதிக்கலாம். வாட்ஸ்அப்பில் ஏதாவது ஒரு சொல்லை அழுத்திப் பிடித்து காப்பி செய்யுங்கள். சோதிக்க வேண்டிய ஆப்பை முழுதாக மூடிவிட்டு மீண்டும் திறங்கள். எந்தப் பெட்டியையும் தொடாமல் சில நொடிகள் திரையின் அடியைப் பாருங்கள். வரி வந்தால் அந்த ஆப் தானாகப் படிக்கிறது. மறுபடி சோதிக்கும்போது புதிதாக ஒரு சொல்லை காப்பி செய்ய மறக்காதீர்கள். ஒருமுறை காப்பி செய்ததை ஒரு ஆப் முதல் தடவை படிக்கும்போது மட்டுமே அறிவிப்பு வரும். அடுத்த தடவை வராததைப் பார்த்து, ஆப் திருந்திவிட்டது என்று பலர் ஏமாறுகிறார்கள். வரி எதிலுமே வராவிட்டால், செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் "clipboard" என்று தட்டி, "Show clipboard access" அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சில நிறுவனங்களின் போனில் இதன் பெயர் சற்று மாறியிருக்கும்.

இந்த அறிவிப்பு தடுக்காது, நடந்து முடிந்ததைச் சொல்லும், அவ்வளவுதான். ஐபோனில் 2022-இன் ஐஓஎஸ் 16 முதல், ஆப் தானாகப் படிக்க முயன்றால் முன்கூட்டியே அனுமதி கேட்கும். ஆண்ட்ராய்டில் அந்தக் கேள்வி இல்லாததால், முக்கியமானதை ஒட்டி முடித்ததும் ஏதாவது ஒரு சாதாரணச் சொல்லை காப்பி செய்துவிடுங்கள். கிளிப்போர்டில் பழையது போய் அந்தச் சொல் வந்து உட்காரும். ஆண்ட்ராய்டு 13 சிறிது நேரம் கழித்துத் தானே துடைத்துவிடும் என்றாலும், அதற்குள் நீங்கள் பத்து ஆப்களைத் திறந்திருப்பீர்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: கீபோர்டு. நீங்கள் தட்டச்சு செய்யப் பயன்படுத்தும் கீபோர்டு கிளிப்போர்டைப் படித்தால் இந்த அறிவிப்பு வரவே வராது, அதற்கு விலக்கு உண்டு. ஜிபோர்டு போன்றவற்றில் கிளிப்போர்டு வசதியை இயக்கியிருந்தால், நீங்கள் காப்பி செய்தவற்றை அது தன் பட்டியலில் தனியாக வைத்துக்கொள்ளும். மேலே சொன்னபடி வேறு சொல்லை காப்பி செய்தாலும் அந்தப் பட்டியலில் கணக்கு எண் அப்படியே நிற்கும். அதில் "pin" செய்து வைத்தது நீங்கள் எடுக்கும்வரை போகாது. கீபோர்டின் மேல்வரிசையில் உள்ள கிளிப்போர்டு குறியைத் தொட்டு, அந்த எண்ணை அழுத்திப் பிடித்து நீக்குங்கள். தமிழில் தட்டச்சு செய்வதற்காக யாரென்றே தெரியாதவர்களின் கீபோர்டை நிறுவியிருந்தால், வங்கி எண்களைத் தொடும் முன் அதை மாற்றிவிடுங்கள். கிளிப்போர்டு மட்டுமல்ல, நீங்கள் தட்டும் எழுத்துகளும் அதன் வழியாகத்தான் போகின்றன.

இத்தனைக்கும் பயந்து கணக்கு எண்ணைக் கையால் தட்டத் தேவையில்லை, அதில் தவறு வர வாய்ப்பு அதிகம். ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 எழுத்துகள், அதில் 5-ஆவது எப்போதும் பூஜ்யம். அதை 'O' என்று தட்டிவிட்டு ஏன் ஏற்கவில்லை என்று விழிப்பவர்கள் உண்டு. ஒட்டிய எண்ணை ஆப் ஏற்காவிட்டால், கடைசி இலக்கத்துக்குப் பின் ஒரு இடைவெளியும் சேர்ந்து வந்திருக்கிறதா என்று பாருங்கள். கர்சரை அங்கே வைத்து ஒருமுறை அழித்தால் சரியாகிவிடும்.