விடுப்பை எப்போது தொடங்குவது?

அன்பு அக்கா, மொரீஷியஸ் எபேனில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. ஜூன் 30, செவ்வாய்க்கிழமை எங்கள் பெரிய புராஜெக்ட் முடிகிறது. போன தடவை முடிந்த மறுநாளே ஒரு வாரம் லீவு போட்டேன். பாதி நாள் காய்ச்சல், மீதி நாள் ஆபீஸ் போன். திரும்பி வந்தபோது அதே சோர்வு. இந்த முறை என்ன செய்வது?
– ஒரு தம்பி, காத்ர் போர்ன்

தம்பி, மறுநாளே கிளம்பாதீர்கள். நானும் ஒரு முறை அப்படிக் கிளம்பி, ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடற்கரையில் உட்கார்ந்து பாஸ்வேர்டு கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அரைகுறையாக விட்ட வேலை நம் பின்னாலேயே வரும்.

ஜூலை 1 முதல் 3 வரை ஆபீஸ் போங்கள். ஆனால் புது வேலை எதையும் தொடாதீர்கள். தெரிந்த பிழைகள், யாரிடம் எதைக் கேட்பது, எது அவசரம், எது காத்திருக்கும் என்று இரண்டு பக்கம் எழுதி ஒரு சக ஊழியரிடம் நேரில் விளக்கி ஒப்படையுங்கள். அவர் அதைப் படித்துத் தானே ஒரு சிக்கலைத் தீர்த்துவிட்டால், உங்கள் போனை அணைக்கலாம்.

ஜூலை 6 முதல் 14 வரை விடுப்பு, அதாவது 7 வேலைநாள். முதல் நான்கைந்து நாளுக்கு எந்தத் திட்டமும் வேண்டாம், தூக்கம்தான். ஒரு வாரம் குறைத்துத் தூங்க வைத்த 2003ஆம் ஆண்டு ஆய்வொன்றில், அடுத்து 3 இரவு 8 மணி நேரம் படுத்தும் பலரின் கவனம் முழுதாகத் திரும்பவில்லை. உங்களுடையதோ பல வாரத் தூக்கக் கடன். இரவு சீக்கிரம் படுங்கள். எழும் நேரத்தை மட்டும் மதியத்துக்குத் தள்ளாதீர்கள், அப்புறம் இரவுத் தூக்கம் கெடும். அதன் பிறகு, கை வேலையாக ஏதாவது கற்றுக்கொள்ளுங்கள். வெறுமனே படுத்திருப்பதைவிட அது மனத்தை ஆபீஸிலிருந்து நன்றாகவே பிரிக்கும்.

திரும்புவது 15ஆம் தேதி, புதன்கிழமை. முதல் வாரம் மூன்றே நாள்தான் இருக்கும். அந்த மூன்று நாளும் பாதி வேலைதான் என்று மேலாளரிடம் இப்போதே சொல்லுங்கள். புராஜெக்ட் அட்டவணையிலேயே ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லாக இருந்தால் ஜூன் 29 அன்று அது காணாமல் போகும். விடுப்பின் தெளிவு சில வாரங்களில் கரைந்துவிடும், அதனால் ஜூலை 31, வெள்ளியன்று இன்னொரு நாள் லீவு இப்போதே போட்டு வையுங்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். நன்றாகத் தூங்கியும் ஆகஸ்ட் தொடக்கத்தில் காலையில் ஆபீஸ் நினைப்பே கசந்தால், வாடிக்கையாளர் மேல் எரிச்சல் வந்தால், எளிய வேலையிலும் தவறு விழுந்தால், அது வெறும் களைப்பு இல்லை. அதற்கு இன்னொரு விடுப்பு போதாது. மருத்துவரைப் பாருங்கள், வேலைப் பளுவைக் குறைப்பது பற்றி மேலாளரிடமும் பேசுங்கள்.