ஆர்.டி.யை இடையில் முடித்தால் வங்கி எவ்வளவு பிடிக்கலாம்?

கேள்வி: ஐயா, 2024 ஜனவரி 10-ஆம் தேதி எங்கள் ஊர் வங்கிக் கிளையில் மாதம் 5,000 ரூபாய் வீதம் மூன்று வருடத்துக்கு 7 சதவீத வட்டியில் ஆர்.டி. போட்டேன். அதே வங்கியில் உள்ள என் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ள எழுதிக் கொடுத்திருந்தேன். 14 தவணை போனது. வேலை போனதால் 2025 பிப்ரவரி கடைசியில் கிளைக்குப் போய், முடித்துத் தரும்படி கேட்டேன். "மூன்று வருடம் முடியாமல் தர முடியாது" என்றார்கள். மார்ச் 10-ல் கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பியது. 295 ரூபாய் பிடித்தார்கள். மார்ச் 17-ல் கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்கினேன். ஏப்ரல் 10-ல் மறுபடியும் 295 பிடித்தார்கள். ஏப்ரல் 12-ல் ஆர்.டி.யை முடித்து 72,778 ரூபாய் வரவு வைத்தார்கள். அபராதம் ஒரு சதவீதம் என்கிறார்கள். கணக்கு சரியா? தவணை திரும்பியதற்கு கேஸ் வரும் என்று அங்குள்ள ஒருவர் சொன்னது உண்மையா? — ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அம்மா, முதலில் கேஸ் பயத்தை விட்டுவிடுங்கள். மின்னணு முறையில் போகும் பணம் கணக்கில் இருப்பு இல்லாமல் திரும்பினால், செக் பவுன்ஸ் போலவே வழக்குப் போட 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவு வழி செய்கிறது. ஆனால் அந்தப் பணம் ஒரு கடனையோ சட்டப்படி கொடுத்தே தீரவேண்டிய பொறுப்பையோ தீர்ப்பதற்காகப் போயிருக்க வேண்டும். வீட்டுக் கடன் தவணைக்கு அது பொருந்தும். ஆர்.டி. உங்கள் சேமிப்பு. அதில் நீங்கள் வங்கிக்குக் கடன்பட்டவர் இல்லை, வங்கிதான் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. அந்தப் பிரிவு இங்கே வராது.

"மூன்று வருடம் முடியாமல் தர முடியாது" என்று பிப்ரவரியில் சொன்னதும் தவறு. தனிநபர்கள் போடும் ஒரு கோடி ரூபாய் வரையிலான கால வைப்புகளை இடையில் எடுக்கும் வசதி இருந்தே ஆகவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 15 லட்சமாக இருந்த இந்த வரம்பை 2023 அக்டோபரில் ஒரு கோடியாக உயர்த்தினார்கள். வரிச் சலுகைக்காகப் போடும் ஐந்து வருட வைப்பு மட்டும் வேறு. அதை இடையில் எடுக்க முடியாது. உங்களுடையது சாதாரண ஆர்.டி.

இனி கணக்கு. ஒரு சதவீத அபராதம் என்றதும் பலரும் 70,000-க்கு 700 ரூபாய் போகும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குறைவது வட்டி விகிதம், அதுவும் இரண்டு படியாகக் குறைகிறது. முதல் படியில், மூன்று வருடத்துக்கென்று பேசிய 7 சதவீதம் போய்விடும். பணம் வங்கியில் இருந்தது 15 மாதம். ஆகவே நீங்கள் ஆர்.டி. தொடங்கிய நாளில் 15 மாத வைப்புக்கு வங்கி என்ன வட்டி அறிவித்திருந்ததோ அதுதான் கிடைக்கும். நீங்கள் அனுப்பிய வட்டிப் பட்டியலில் அது 6.8 சதவீதம். இரண்டாவது படியில் அதிலிருந்து அபராதம் ஒன்று போனால் 5.8.

14 தவணைக்கும் காலாண்டுக் கூட்டு வட்டி போட்டுப் பார்த்தேன். 7 சதவீதத்தில் சுமார் 3,547 ரூபாய் வந்திருக்கும். 6.8-ல் 3,443. 5.8-ல் 2,928. அசலோடு சேர்த்தால் 72,928 வரவேண்டும், வந்ததோ 72,778. குறைந்த அந்த 150 ரூபாய், கட்டாத மார்ச், ஏப்ரல் தவணைகளுக்குத் தலா 75 என்று பிடித்த தாமதக் கட்டணம். நூறு ரூபாய்க்கு மாதம் ஒன்றரை ரூபாய் என்ற கணக்கு அது. கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. பிடித்ததற்கு உரிமை இருந்ததா என்பதுதான் கேள்வி.

7-லிருந்து 6.8-க்கு இறங்கியதால் போன 104 ரூபாயைக் கேட்க முடியாது. அதற்கு மேல் போன 515 ரூபாய்தான் உண்மையான அபராதம். அதற்கு ரிசர்வ் வங்கி ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. அபராதம் எவ்வளவு, எப்படிப் பிடிக்கப்படும் என்பதை வைப்பை ஏற்கும்போதே வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் அபராதம் பிடிக்கக் கூடாது. நீங்கள் கையெழுத்திட்ட விண்ணப்பத்தின் பின்பக்கத்தையும், வங்கி கொடுத்த ஆர்.டி. ரசீதையும் எடுத்துப் பாருங்கள். 'முதிர்வுக்கு முன் முடித்தால்' என்று தொடங்கும் வரி பெரும்பாலும் அங்கேதான் பொடி எழுத்தில் இருக்கும். இருந்தால் 515 ரூபாயை மறந்துவிடுங்கள். செயலி வழியாகத் தொடங்கியவர்கள் 'நிபந்தனைகளை ஏற்கிறேன்' என்று தொட்டிருந்தால், சொல்லவே இல்லை என்று வாதாடுவது கடினம். நீங்கள் காகிதத்தில் தொடங்கியவர். அந்த விண்ணப்பத்தின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். அப்படி ஒரு வரி இருப்பதை வங்கி காட்ட முடியாவிட்டால், பணத்தைத் திருப்பித் தரவேண்டும்.

அடுத்து தவணை திரும்பிய கட்டணம், 250-ம் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்த 295. இதில் இரண்டு மாதங்களையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. மார்ச் 10-க்கு முன் நீங்கள் வாயால்தான் கேட்டிருக்கிறீர்கள். வங்கி இல்லை என்று மறுத்தால் உங்களிடம் சான்று கிடையாது, அந்த மாதத்து 295-ம் 75-ம் திரும்புவது சந்தேகம்தான். ஏப்ரல் அப்படியல்ல. மார்ச் 17-ல் முத்திரையோடு கடிதம் கொடுத்தாகிவிட்டது. அதன் பிறகு மூன்று வாரத்துக்கு மேல் கிளை சும்மா இருந்துவிட்டு, ஏப்ரல் 10-ல் தவணையைப் பிடிக்கப் போய் அது திரும்பியதற்கு உங்களிடம் கட்டணம் வாங்கியிருப்பது சேவைக் குறைபாடு. 295-ம் 75-ம் சேர்ந்த 370 ரூபாயை உறுதியாகக் கேளுங்கள். வேலையில்லாத நேரத்தில் இது சின்னத் தொகை இல்லை.

இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஆர்.டி. ஒன்று, தானாகப் பிடிக்கும் உத்தரவு வேறொன்று. உத்தரவை மட்டும் நிறுத்தினால் ஆர்.டி. முடிந்துவிடாது, தவணை தவறியதாகிக் கட்டணம் ஏறும். ஆகவே ஒரே கடிதத்தில் இரண்டு எண்களையும் எழுதி, 'இந்த ஆர்.டி.யை இன்றே முடிக்கவும், இந்தத் தானியங்கிப் பிடித்த உத்தரவையும் இன்றே ரத்து செய்யவும்' என்று கேளுங்கள். அடுத்த தவணைத் தேதிக்குச் சில நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். பணம் வேறொரு வங்கிக் கணக்கிலிருந்து போகிறது என்றால் அந்த வங்கியிலும் தனியாக ரத்து செய்ய வேண்டும். அஞ்சலக ஆர்.டி.க்கு விதியே வேறு: தொடங்கி மூன்று வருடம் ஆன பிறகுதான் முடிக்கலாம், வட்டியும் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கின் விகிதத்தில்தான் கிடைக்கும்.

சரி, இப்போது நீங்கள் செய்யவேண்டியது: கிளை மேலாளருக்கும், வங்கி இணையதளத்தில் உள்ள குறைதீர் அதிகாரிக்கும் ஒரே புகாரை அனுப்புங்கள். முத்திரையிட்ட மார்ச் 17 கடிதத்தின் நகலையும், இரண்டு 295-ம் தெரியும் கணக்கு அறிக்கையையும் இணைத்து, 370 ரூபாயைத் தனியாகவும் 515 ரூபாயைத் தனியாகவும் காரணத்தோடு கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ, cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் காலம் தாழ்த்தாமல் புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. இந்தத் தொகைக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் உரிமையும் உங்களுக்கு உண்டு. ஆனால் அலைச்சல் அதிகம், குறைதீர்ப்பாளரிடமே முதலில் போங்கள்.