தோட்டக் கிணற்றுக்கு எந்த மோட்டார்?

"நாங்குநேரி பக்கம் தோட்டக் கிணறு. மோனோபிளாக் நல்லதா, ஓப்பன்வெல் சப்மெர்சிபிள் நல்லதா? ஒன்றைச் சொல்லுங்கள் அண்ணாச்சி."

தம்பி, விலையையும் கம்பெனியையும் பிறகு பார்க்கலாம். அவற்றுக்கு என்ன பதில் வந்தாலும் இந்த முடிவு மாறாது. முடிவை மாற்றக்கூடியது முதலில் இதுதான்: சித்திரையில், ஒரு மணி நேரம் தண்ணீர் இறைத்த பிறகு, மோட்டார் வைக்கும் இடத்திலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி கீழே நிற்கிறது? கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினால் தெரிந்துவிடும். மோனோபிளாக் மேலிருந்து உறிஞ்சுவது. காற்றழுத்தத்தின் கணக்குப்படி எல்லை 33 அடி என்றாலும், குழாய் உராய்வும் ஃபுட்வால்வும் போக, 20 அடியைத் தாண்டினாலே தண்ணீர் குறையத் தொடங்கும், பம்புக்குள் கூழாங்கல் உருள்வதுபோல் சத்தம் கேட்கும்.

நீர்மட்டம் 30 அடியில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். கரைமேல் வைத்த மோனோபிளாக் அங்கே பயன்படாது. கிணற்றுக்குள் 12 அடியில் திட்டு இருந்தால் உறிஞ்ச வேண்டியது 18 அடிதான், ஆகவே அது ஓடும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் திட்டுக்கு மேல் ஏறினால் மோட்டார் மூழ்கிக் காயில் வீணாகும். எனவே அடுத்த கேள்வி, மழைக்கு முன் அதை மேலே தூக்கி வைக்க ஆள் உண்டா என்பது. உண்டென்றால், பழுது பார்க்க எளிதான மோனோபிளாக்கே போதும். இல்லையென்றால் சப்மெர்சிபிள்தான், ஆனால் அது எப்போதும் மூழ்கியிருக்கும் அளவுக்குக் கோடையிலும் அடியில் தண்ணீர் கிடக்க வேண்டும்.

அளந்து எழுதுங்கள், குதிரைத்திறனை அப்போது பார்ப்போம்.