சட்டையில் மாட்டிய மைக்

வணக்கம் ஐயா. தெருவில் தள்ளுவண்டிக் கடை நடத்தும் ஒருவரின் ஒரு நாளை விடியற்காலையிலிருந்து ஆவணப்படமாக எடுக்கிறேன். பின்னணி இசையோ வர்ணனையோ கிடையாது; இயல்பான ஒலி மட்டும். எழுத்தில் சம்மதம் வாங்கிவிட்டேன். முன்னோட்டமாக ஒரு காலைப் பொழுதைப் பதிவு செய்தபோது இரண்டு சிக்கல்கள் வந்தன. நான் எதிர்ச்சாரியில் நின்றிருந்த நேரத்தில், அவர் வீட்டாருடன் கடன் பற்றித் தொலைபேசியில் பேசியது சட்டை மைக்கில் முழுவதும் பதிவாகிவிட்டது. படத்திலேயே மிக உண்மையான தருணம் அதுதான். பயன்படுத்தலாமா? அடுப்பு எரியத் தொடங்கியதும் அவர் குரல் இரைச்சலில் மூழ்கிவிடுகிறது. அடுப்பை அணைக்கச் சொல்லலாமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பேச்சை அவர் இன்னும் உங்களுக்குத் தரவில்லை. அவரை உட்காரவைத்து, ஹெட்ஃபோனை அவர் காதில் மாட்டி, பதிவை முழுவதும் கேட்கச் செய்யுங்கள். கேட்ட பிறகு அவர் சரி என்றால், மறுமுனையில் பேசியவரிடமும் கேட்க வேண்டும். அவருடைய குரல் பதிவில் இல்லாமல் இருக்கலாம், கடன் அவருடையதும்தான். இருவரில் ஒருவர் தயங்கினாலும் கோப்பை அழித்துவிடுங்கள், நகல் எடுத்து வைத்திருந்தால் அதையும் சேர்த்து. நல்ல காட்சி போய்விடுமே என்ற உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் என் பதில் இதுதான்.

காமிரா எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது அவர் கண்ணுக்குத் தெரியும். நீங்கள் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போனதும், படப்பிடிப்பு தன்னை விட்டு விலகிவிட்டது என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். கம்பியில்லா மைக்குக்கு அந்தத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. அவர் முணுமுணுப்பதுகூட உங்கள் காதுக்கு வந்துகொண்டிருக்கும். கையெழுத்து போட்டபோது அவர் மனதில் இருந்தது காமிரா மட்டுமே.

ழான் ரூஷும் எட்கர் மொரானும் எடுத்து 1961இல் வெளிவந்த பாரிஸ் ஆவணப்படத்தில் ஒரு காட்சி உண்டு. மார்சலின் என்ற பெண், தோளில் நாக்ரா ஒலிப்பதிவுக் கருவியைத் தொங்கவிட்டபடி தெருவில் தனியாக நடக்கிறார். காமிரா அவரை விட்டு விலகிச் செல்கிறது. நாஜி முகாமில் இழந்த தன் தந்தையிடம் பேசுவதுபோல அவர் பேசிக்கொண்டே போகிறார். காமிரா பக்கத்தில் இருந்திருந்தால் அந்தப் பேச்சு அப்படி வந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் கருவியின் பாரம் அவர் தோளில் இருந்தது. எது பதிவாகிறது என்று அவருக்குத் தெரியும். உங்கள் வியாபாரியின் சட்டைக்குள் இருப்பது விரல் நுனி அளவுள்ள ஒரு பொருள். வேலை மும்முரத்தில் அரை மணி நேரத்தில் அது மறந்துபோகும். மறந்த நிலையில் வருவதுதான் இயல்பான ஒலி என்று நாம் கொண்டாடுகிறோம். அதனாலேயே பொறுப்பு முழுவதும் நம் பக்கம் வந்துவிடுகிறது.

ஆகவே படப்பிடிப்பு நாளில், வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே, ஹெட்ஃபோனை அவரிடம் கொடுங்கள். வேறொருவர் மைக்கோடு தெருமுனைவரை போய் மெல்லப் பேசட்டும். எவ்வளவு தூரத்துப் பேச்சு கேட்கிறது என்பதை அவரே தெரிந்துகொள்வார். எந்தப் படிவமும் இதைச் சொல்லித் தராது. பிறகு இடுப்பில் இருக்கும் அனுப்பியில் ஒலியை நிறுத்தும் பொத்தானைக் காட்டி, அவர் விரலாலேயே இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்க்கச் செய்யுங்கள். சில கருவிகளில் அந்தப் பொத்தானைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கும். பூட்டாதீர்கள். சில நல்ல வசனங்கள் போகும், போகட்டும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று தெரிந்தவர் நாள் முழுவதும் தளர்வாகவே இருப்பார்.

எதைக் காட்டக் கூடாது என்றும் முன்பே கேளுங்கள். சரக்கு தருபவர், கடன் கொடுத்தவர், பணம் எண்ணும் நேரம், வண்டி நிற்கும் இடம் என்று ஏதாவது இருக்கும். அந்த இடத்தில் நிற்க அவருக்கு அனுமதி உறுதியாக இல்லையென்றால், இடம் தெரிவதே அவர் பிழைப்பைக் கெடுக்கலாம். பெயர்ப் பலகைகளைச் சட்டகத்திலிருந்து விலக்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பின்னால் நிற்கும் பஸ்ஸின் நடத்துநர் நிறுத்தத்தின் பெயரைக் கூவுவது உங்கள் ஒலியில் தெளிவாக இருக்கும். இடத்தை மறைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தால், அதற்காகவே ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு படம் முழுவதையும் கேட்க வேண்டும்.

இனி அடுப்பு. அணைக்கச் சொல்லாதீர்கள், அது அவர் வியாபாரம். அந்த இரைச்சல் பேச்சின் அலைவரிசைகள் முழுவதிலும் பரவியிருப்பதால், எடிட்டிங்கில் அதை வடிகட்டப் போனால் குரலும் சேர்ந்து சிதையும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டி வாகனங்களின் உறுமலைக் குறைக்கும். அடுப்பின் சீறலை அது தொடாது. உண்மையான தீர்வு தூரத்தில் இருக்கிறது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். அடுப்பின் ஒலி அநேகமாக அப்படியே இருக்கும். சட்டையின் நடுவில் மாட்டியிருந்தீர்கள் என்றால் தாடைக்கு ஒரு சாண் கீழே இருக்கும்படி மேலே ஏற்றுங்கள். அடுப்பு எந்தப் பக்கம் என்று பார்த்து மறுபக்கம் மாட்டினால் அவர் உடம்பே ஓரளவு தடுப்பாக நிற்கும். துணி உரசும் சத்தம் வந்தால், வயரை ஒரு சிறு வளையமாக்கி உட்புறம் டேப் போட்டு ஒட்டுங்கள்.

உங்கள் பதிவில் தானியங்கி ஒலி அளவு இயங்கியிருக்கும் என்று சந்தேகிக்கிறேன். கண்டுபிடிப்பது எளிது. அவர் பேசி நிறுத்தும் ஒவ்வொரு இடைவெளியிலும் அடுப்பு மெல்ல மேலெழுந்து, அடுத்த சொல் வந்ததும் சட்டென்று அமுங்கினால் அதுதான் காரணம். அந்தத் தானியங்கி வசதியை அணைத்துவிட்டு, அவர் கூவி விற்கும் குரலின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்கும்படி கையால் வையுங்கள். விடியற்காலை அமைதியில் அந்த அளவு போதாது என்று தோன்றும், கூட்டத் தூண்டும். கூட்டினால் முதல் ஹாரனிலேயே ஒலி உடைந்துவிடும். உடைந்ததைப் பிறகு சரிசெய்ய முடியாது.

அடுப்பு பற்றவைப்பதற்கு முந்தைய நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் பெரும் செல்வம். கயிற்றை அவிழ்ப்பது, சக்கரம் கல்லில் ஏறி இறங்குவது, பாத்திரம் வைப்பது எல்லாம் தனித்தனியாகக் கேட்கும் வேறு பொழுது அந்த நாளில் இல்லை. அப்போது மைக்கோடு அவர் அருகிலேயே இருங்கள், காட்சி சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

எரியும் அடுப்பின் ஒலியை மட்டும், யாரும் பேசாத நேரத்தில், தொடர்ச்சியாக இரண்டு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். வண்டி வேறு இடத்துக்கு நகர்ந்தால் அங்கும் மறுபடி எடுக்க வேண்டும். எடிட்டிங்கில் ஒவ்வொரு வெட்டிலும் சீறலின் தன்மை மாறும். பார்ப்பவர் காட்சியை மறந்து வெட்டைக் கவனிக்கத் தொடங்குவார். இந்தத் தனிப் பதிவை அடியில் ஓடவிட்டு, மேலே வரும் ஒலிகளை, ஒன்று மங்கும்போதே அடுத்தது எழும்படி இணைத்தால் வெட்டுகள் மறைந்துவிடும். அவர் அடுப்பை அணைக்கும் இடத்தில் மட்டும் அந்த அடித்தளத்தையும் அங்கேயே நிறுத்துங்கள். நாள் முடிந்தது என்று எழுத்தில் போட வேண்டிய தேவையே வராது.

படம் ஒரு வடிவத்துக்கு வந்ததும் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். ரூஷும் மொரானும் அந்தப் பாரிஸ் படத்தில், எடுத்ததை அதில் பங்கேற்றவர்களுக்குத் திரையிட்டு, அவர்கள் சண்டை போட்டதையும் படத்திலேயே சேர்த்தார்கள். உங்கள் வியாபாரி ஏதாவது ஒரு துண்டை எடுக்கச் சொல்லக்கூடும். அதற்கு இடம் இருக்க வேண்டுமானால், அவர் பார்த்து முடிக்கும்வரை எந்த விழாவுக்கும் அனுப்பாதீர்கள், திரையிடும் தேதியையும் யாரிடமும் உறுதி செய்யாதீர்கள்.

அன்புடன்.