உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்கும் கடிதம்

கேள்வி: "இன்சூரன்ஸ் ஆபீசில் தமிழ்க் கடிதம் எழுதும் வேலை. வயதான பாலிசிதாரர்களுக்கும் கம்பெனி வாடிக்கையாளர்களுக்கும் ஒரே மாதிரி 'மதிப்பிற்குரிய', 'தாங்கள்' போட்டு எழுதினால் போதாதா?"

போதாது. அதுவும் எங்கள் பக்கத்தில் சுத்தமாகப் போதாது. கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் புறம் ஓர் ஆயுள் காப்பீட்டுக் கிளையில், பாலிசி சர்வீசிங் பிரிவில் உட்கார்ந்து ரொம்ப வருஷம் தமிழ்க் கடிதம் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம், எனக்குப் பென்ஷன் அங்கிருந்துதான் வருகிறது.

உங்கள் நிலைமையை ஓரளவு ஊகிக்க முடிகிறது. புதிதாகச் சேர்ந்திருப்பீர்கள், தமிழ் நன்றாக எழுதுவீர்கள் என்று யாரோ சொல்லியிருப்பார்கள், உடனே மேலாளர் மாதிரிக் கடிதங்கள் இருக்கும் ஒரு ஃபைலைத் தள்ளிவிட்டு "இதில் பேரையும் நம்பரையும் மாற்றினால் போதும்" என்றிருப்பார். அந்த ஃபைலில்தான் வினையே இருக்கிறது.

எல்லா வகைக் கடிதத்தையும் பேசினால் விடிந்துவிடும், ஆகவே ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். பென்ஷன் பாலிசி எடுத்தவர்களிடம் வருஷா வருஷம் உயிர்வாழ் சான்று வாங்குவோம் இல்லையா, அது வராதபோது போகும் நினைவூட்டல் கடிதம். எங்கள் ஃபைலில் அது இப்படி இருந்தது:

"பொருள்: உயிர்வாழ் சான்று சமர்ப்பிக்காதது குறித்து. நீங்கள் உயிருடன் இருப்பதற்கான சான்று இதுவரை எமது அலுவலகத்தில் பெறப்படவில்லை. இக்கடிதம் கண்ட 30 நாட்களுக்குள் சமர்ப்பிக்கவும். தவறும் பட்சத்தில் தங்களது ஆண்டுத்தொகை நிறுத்தப்படும்."

மேலே 'மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர்' என்று இருந்தது, அதில் குறையே இல்லை. அடியில் 'தங்கள் உண்மையுள்ள' என்றும் இருந்தது. ஆனால் கொல்லங்கோடு பக்கத்திலிருந்து ஒரு பாட்டா இந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கவுண்டருக்கு வந்து, எல்லார் முன்னாலும் சத்தமாகக் கேட்டார்: "மக்களே, நான் செத்துப் போயிட்டேன்னு ஆரு ஒங்களுக்கு எழுதிப் போட்டது?" கிளையே சிரித்தது, அவர் சிரிக்கவில்லை. பேரப்பிள்ளை திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டியிருக்கிறான், கேட்ட வீட்டுக்காரி அழுதிருக்கிறாள்.

அதே வாரம் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு எங்கள் கிளையிலிருந்து போன கடிதத்தையும் பாருங்கள். பெரிய கம்பெனிகளுக்கு எல்லாம் இங்கிலீஷ்தான், தமிழ்க் கடிதம் கேட்பவர்கள் இந்த மாதிரிச் சங்கங்கள், பள்ளி நிர்வாகங்கள், தோட்டக்காரர்கள்தான். "தங்கள் சங்க ஊழியர்களுக்கான குரூப் கிராஜுவிட்டித் திட்டம் அடுத்த மாதம் புதுப்பிக்கப்பட வேண்டியுள்ளது. ஊழியர்களின் பிறந்த தேதி, பணியில் சேர்ந்த தேதி, தற்போதைய சம்பளம் ஆகியவை அடங்கிய பட்டியலை அனுப்பி உதவுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். தேவைப்பட்டால் எங்கள் அலுவலர் தங்களை நேரில் சந்திப்பார்."

இரண்டிலும் நாம் கேட்பது ஒரு காகிதம். சங்கம் பட்டியலைத் தராமல் திட்டம் புதுப்பிக்கப்படாமல் போனால் அத்தனை ஊழியர்களுக்கும் அதோடு சேர்ந்து வரும் ஆயுள் பாதுகாப்பும் அந்தரத்தில் நிற்கும், அது பெரிய விஷயம். பாட்டாவுக்கோ, சான்று தாமதமானால் பென்ஷன் கொஞ்ச நாள் நிற்கும், சான்று வந்ததும் நின்ற பணம் மொத்தமாகக் கணக்கில் விழும், ஒரு பைசா குறையாது. ஆனால் பெரிய ஆபத்து உள்ளவருக்கு 'உதவுமாறு' எழுதினோம், சின்னத் தாமதம் உள்ளவருக்கு 'நிறுத்தப்படும்' என்று எழுதினோம். நின்ற பணம் திரும்ப வரும் என்ற செய்தியை எழுதவே இல்லை. பெரியவர்களுக்குப் போகும் கடிதத்தில் மரியாதை குறைந்திருக்கிறதா என்று பார்க்க நான் முதலில் தேடுவது இந்த மாதிரி விடுபட்ட வாக்கியத்தைத்தான். 'ஐயா' இருக்கிறதா என்று பார்ப்பது அப்புறம்.

உடனே "மரியாதை மனசில் இருந்தால் போதும், சொல்லில் என்ன இருக்கு" என்று சொல்ல ஒருவர் வருவார். சரி, மனசைக் கவரில் போட்டு ஸ்டாம்ப் ஒட்ட முடியாது சார், சொல்லைத்தான் அனுப்ப முடியும்.

தொனி ஏன் வேறாக வேண்டும் என்றால், சங்கக் கடிதம் ஒரு பதவிக்குப் போகிறது. செயலாளர் மாறிக்கொண்டே இருப்பார், கடிதம் கோப்பில் ஏறும், குமாஸ்தா 'பார்வை' வரியில் உள்ள எண்ணைப் பார்த்துப் பழைய கடிதத்தோடு சேர்ப்பார். அங்கே 'புதுப்பிக்கப்பட வேண்டியுள்ளது', 'கேட்டுக்கொள்கிறோம்' என்று ஆள் முகம் காட்டாத நடை இருந்தால்தான் வசதி. யார் மேலும் குற்றம் விழாது, யாரும் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்கள். பெரியவருக்குப் போகும் கடிதமோ வாய்விட்டு வாசிக்கப்படும். பேரனோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ வாசிப்பார்கள், அவர் காதால் கேட்பார். 'சமர்ப்பிக்கவும்' என்பது கோப்பில் ஒன்றும் செய்யாது, ஆனால் பேரன் வாயிலிருந்து பாட்டாவின் காதுக்குப் போகும்போது ரேஷன் கடைப் பலகை மாதிரி கேட்கும். 'அனுப்பி வையுங்கள்' என்றால் வீட்டுப் பேச்சுக்குப் பக்கத்தில் வந்துவிடும். 'கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்' என்று எழுதினால் வாசிக்கும் பிள்ளைக்கே நாக்குச் சிக்கும்.

இதில் எங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நாலு தாலுகாவும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவை. அந்தக் காலத்தில் மலையாளம் படித்து வளர்ந்தவர்கள் விளவங்கோடு பக்கம் நிறைய. மலையாளத்தில் வயதில் மூத்தவரைப் பார்த்து 'நிங்ஙள்' என்றால் பலருக்குச் சுருக்கென்று படும், அங்கே சார், டீச்சர், சேட்டன் என்று சொல்லித்தான் பேசுவார்கள். கடிதத்தில் 'தாங்கள்' வரும். மதுரையிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு நண்பர் நல்ல எளிய தமிழில் 'நீங்கள்', 'உங்கள்' என்று எழுதிப் பார்த்தார், அவர் ஊரில் அதுதான் மரியாதை. இங்கே ஒரு ரிட்டயர்டு டீச்சர் வந்து "மோன் எனக்க பேரன் வயசு இருப்பியாக்கும், கடுதாசில நல்ல மரியாத" என்று குத்திவிட்டுப் போனார். அதனால் எங்கள் பக்கத்துக்கு நான் செய்தது, 'தங்கள்' என்பதை ஒரே ஒரு இடத்தில் போடுவது, மற்ற வாக்கியங்களில் ஆளைக் குறிக்கும் சொல்லே இல்லாமல் எழுதுவது. தமிழில் அதற்கு வசதி இருக்கிறது, வினை முடிவே சொல்லிவிடும். பொள்ளாச்சியிலோ கம்பத்திலோ இது தேவைப்படுமா என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள், விளவங்கோட்டை மட்டும்தான் சொல்கிறேன். எந்த ஊராக இருந்தாலும், மேலே உள்ள மாதிரி ஒரே கடிதத்தில் ஒரு வரியில் 'நீங்கள்', அடுத்த வரியில் 'தங்களது' என்று கலக்காதீர்கள். நாலு பேர் நாலு சமயத்தில் ஒட்டுப் போட்ட கடிதம் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

கடைசியில் அந்தக் கடிதத்தை இப்படி மாற்றினேன்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். பொருள்: தங்கள் பென்ஷன் தொடர்ந்து வருவதற்கான வருடாந்திரப் படிவம். பென்ஷன் பெறும் எல்லோரிடமும் வருடத்துக்கு ஒரு முறை வாங்கும் படிவம் இத்துடன் இருக்கிறது. கையெழுத்திட்டு, படிவத்தின் பின்பக்கம் சொல்லியுள்ள அதிகாரிகளில் ஒருவரிடம் சான்றொப்பம் வாங்கி, இந்த மாதம் முடிவதற்குள் அனுப்பி வையுங்கள். படிவம் வரத் தாமதமானால் பென்ஷன் தற்காலிகமாக நிற்கும். வந்து சேர்ந்ததும் நின்ற தொகை முழுவதும் கணக்கில் வரவு வைக்கப்படும். வெளியே வர முடியாத உடல்நிலை என்றால் கீழே உள்ள எண்ணில் சொல்லுங்கள், வழி சொல்கிறோம்."

மேலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆடிட்டில் கேட்டால் 'நிறுத்தப்படும்' என்று எச்சரித்தோம் என்று காட்ட வேண்டாமா" என்றார். எச்சரிக்கை இருக்கிறதே சார், 'நிற்கும்' என்று எழுதியிருக்கிறேன், அடுத்த வாக்கியத்தில் பணம் திரும்ப வரும் என்றும் இருக்கிறது. உயிர்வாழ் சான்று என்ற பெயரும் படிவத்தின் தலையில் அச்சாகித்தான் இருக்கிறது, அதைக் கடிதத்தின் பொருள் வரியிலும் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 'எல்லோரிடமும்' என்ற சொல்லை மட்டும் எடுக்கவே விடவில்லை நான். தன் ஒருவரைச் சந்தேகப்படவில்லை என்று பாட்டாவுக்குத் தெரிய அந்த ஒரு சொல் போதும்.

கைரேகை வைத்துச் சான்று கொடுக்கலாமே என்பீர்கள். அண்டிப்பருப்பு, அதாவது முந்திரி ஆலையில் ஆயுசு முழுக்கத் தோட்டை உடைத்த பெண்களின் விரலைப் பார்த்திருக்கிறீர்களா? தோட்டுப் பால் அரித்து ரேகையே இருக்காது, மெஷின் கீ கீ என்று கத்தும். எங்கள் காலத்தில் அவர்களுக்குக் காகிதம்தான். 

பேச்சோடு பேச்சாக இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். வங்கிகள் ஒன்றோடொன்று இணைந்தபோது ஐஎஃப்எஸ்சி மாறி, பெரியவர்களின் பென்ஷன் போன வேகத்தில் திரும்பி வந்தது. வங்கியில் கேட்டால் "இன்சூரன்ஸ்காரன்கிட்ட கேளு" என்பார்கள், ஒருமையில், எழுபது எண்பது வயதுக்காரரிடம். எங்களிடம் வந்தால் புது செக் லீஃப் கொண்டு வாங்க என்போம். இணைந்தது வங்கி, வெயிலில் பஸ் ஏறி அலைந்தது அவர்கள். அதற்கு யாரும் ஒரு வரி வருத்தம் தெரிவித்துக் கடிதம் போட்டதாக நான் பார்க்கவில்லை.

கையெழுத்து விஷயத்தையும் கவனியுங்கள். சங்கத்துக்குப் போகும் கடிதத்தில் கிளை மேலாளர் பேனாவால் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துவார். பெரியவர் கடிதத்தின் அடியில் "இது கணினியில் உருவாக்கப்பட்டது, கையொப்பம் தேவையில்லை" என்று இருக்கும். அவரிடம் மட்டும் கையெழுத்தும் கேட்போம், அதற்கு மேல் ஓர் அதிகாரியின் சான்றொப்பமும் கேட்போம். அந்த வரியை எடுக்கச் சொல்லி நான் மேலே எழுதியும் நடக்கவில்லை, மென்பொருளில் இருக்கிறதாம். அதனால் அந்த வரிக்குப் பக்கத்திலேயே பேனாவால் கையெழுத்துப் போட்டு, என் பெயரையும் மேஜை ஃபோன் எண்ணையும் எழுதித்தான் அனுப்பினேன். உங்கள் கிளையில் அதற்குத் தடை இருக்காது என்று நினைக்கிறேன், கேட்டுவிட்டே செய்யுங்கள். ஃபோன் நிறைய வரும், மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் பெரும்பாலும் கூப்பிடுவார்கள்.